அக்கா பேச ஐந்து நிமிடம்

ஓசூர்
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் கூப்பிட்டால் இரண்டாவது வார்த்தையிலேயே சண்டை வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். நான் ஹாஸ்டலில் இருந்தபோது நீ எழுதுவாயே, கோடு போட்ட தாளில், ஓரம் விடாமல். அந்தக் கடிதங்களில் நாம் சண்டை போட்டதே இல்லை.

விஷயம் இதுதான். அக்டோபர் 29 சாயங்காலம் ரிசப்ஷனில் கேக் வெட்டியதும், சாப்பாட்டுக்கு முன்னால், பேச்சு வைத்திருக்கிறார்கள். முதலில் ஃபாதர். அப்புறம் மாப்பிள்ளை வீட்டுச் சார்பில் கௌதமின் சித்தப்பா. அப்புறம் நம் வீட்டுச் சார்பில் ஒருவர், ஐந்து நிமிடம். அப்பா இருந்திருந்தால் அப்பா. இல்லையென்றால் தாய்மாமன் என்று எல்லோரும் முடிவு பண்ணிவிட்டார்கள். நான்தான் முடியாது என்றேன். என் அக்கா பேசுவாள் என்று சொல்லிவிட்டேன்.

உன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. நிச்சயதார்த்தத்தில் அத்தனை பேர் எதிரில் என் கையிலிருந்து ஜாங்கிரியைப் பிடுங்கினாய். "இவளுக்கு இது ஆகாது" என்று என் மாமியாரிடம் சொன்னாய். இருபத்தேழு வயது எனக்கு. ஒரு லேபில் மற்றவர்களின் ரத்தத்தைச் சோதித்துச் சொல்கிற வேலை பார்க்கிறேன். அன்று காரில் ஏறியதுமே, என் கையில் ஒட்டியிருக்கும் சர்க்கரை சென்சாரின் எண் உன் போனுக்கு வருவதை நிறுத்திவிட்டேன். நீயும் பார்த்திருப்பாய்.

ஆனாலும் நீதான் பேச வேண்டும். ஒரே நிபந்தனை. என் சர்க்கரையைப் பற்றி ஒரு வார்த்தை கூடாது. எழுதி எனக்கு அனுப்பு. படித்துவிட்டுச் சொல்கிறேன்.

ஹேமா


ஆம்பூர்
16 ஆகஸ்ட் 2025

ஹேமாவுக்கு,

உன் கடிதத்தை லஞ்ச் டைமில் படித்தேன். வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும், கடிதத்துக்கு அந்தச் சட்டம் இல்லை. அந்த வகையில் நல்லதுதான்.

எண் வருவது நின்றதைப் பார்த்தேன். முதலில் என் போன்தான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து, கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் ஜியாவுதீன் பார்த்துவிட்டு, "போன் நல்லா கீது மேடம், அந்தப் பக்கத்துலதான் நிறுத்திட்டாங்க" என்றார். அவரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் ஸ்கிரீன் கார்டு ஒன்று மாற்றிக்கொண்டு வந்தேன்.

பேசுகிறேன். ஆனால் உன் சர்க்கரையை விட்டுவிட்டு எதைப் பேசுவது? உன் எட்டு வயதிலிருந்து நான் பார்த்த வேலையே அதுதானே. மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். நிபந்தனையை மீறித்தான் இருக்கிறது. படித்துவிட்டுத் திட்டு.

"பெரியோர்களே, உற்றார் உறவினர்களே, அனைவருக்கும் வணக்கம். என் தங்கை ஹேமலதாவுக்கு எட்டு வயதாக இருக்கும்போது, ஒரே மாதத்தில் எலும்பும் தோலுமானாள். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். வாந்தியெடுத்து, மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இனி ஆயுள் முழுக்க இன்சுலின் ஊசி என்றார்கள். அப்பா தோல் பதனிடும் ஷாப்பில், அம்மா ஷூ கம்பெனியில். அதனால் பதினைந்து வயதில் நான் ஊசி போடக் கற்றுக்கொண்டேன். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், ஈர மணலில் புதைத்த சிறு பானைக்குள் மருந்தை வைத்துக் காப்பாற்றினேன். என் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையன்று பள்ளியில் இவள் மயங்கி விழுந்தாள். செய்தி கேட்டதும் விடைத்தாளைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிப்போய் என் கையால் சர்க்கரைத் தண்ணீர் புகட்டினேன். என் படிப்பு அன்றோடு நின்றது. அதற்காக நான் வருந்தவில்லை. இத்தனை நாள் என் கண்ணாகக் காத்த பொறுப்பை, மாப்பிள்ளை கௌதம், இன்று உங்கள் கையில் ஒப்படைக்கிறேன்."

படித்துக்காட்டியதும் என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மாவும் அழுதாள்.

அக்கா


ஓசூர்
24 ஆகஸ்ட் 2025

அக்கா,

மூன்று முறை படித்தேன். முதல் முறை அழுகை வந்தது. இரண்டாவது முறை எரிச்சல். மூன்றாவது முறை ஒரு கேள்வி.

எரிச்சலை முதலில் சொல்லிவிடுகிறேன். இதில் நான் எங்கே இருக்கிறேன்? எட்டு வயதுக்கு முன்னால் நான் ஒரு ஆளாகவே இல்லையா? சுட்டியா, அழுமூஞ்சியா, என்ன கேட்பேன், எதற்குச் சிரிப்பேன் என்று ஒரு வரி இல்லை. ஊசி இருக்கிறது, பானை இருக்கிறது, நீ இருக்கிறாய். கடைசியில் ஒரு பொட்டலத்தைக் கைமாற்றுகிற மாதிரி என்னைக் கொடுக்கிறாய். இதைக் கேட்டால் கௌதமின் அம்மா என்ன நினைப்பார்கள்? ஒரு நோயாளியைக் கட்டிக்கொண்டோம் என்றுதானே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். நிச்சயதார்த்தத்தில் அந்த ஜாங்கிரியை எடுக்கும் முன்னால், அதற்குத் தேவையான இன்சுலினைக் கணக்குப் போட்டு உள்ளறையில் போட்டுக்கொண்டுதான் வந்து உட்கார்ந்தேன். நீ பிடுங்கினாய். அத்தனை பேர் பார்வையில் வேறு எதையும் எடுத்துச் சாப்பிட எனக்குக் கூச்சமாக இருந்தது. ஊசி உள்ளே போய்விட்டது, இனிப்பு போகவில்லை. கார் வாணியம்பாடியைத் தாண்டும்போது என் எண் 58க்கு இறங்கிவிட்டது. கை நடுங்கியது. டிரைவரை நிறுத்தச் சொல்லி ஜூஸ் வாங்கிக் குடித்தேன். நீ என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துச் செய்த காரியம் அது.

இப்போது கேள்வி. அந்தக் கணக்குப் பரீட்சை நாள். இந்தக் கதையை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். அத்தை, மாமா, பங்கு ஃபாதர் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் நீ எழுதி, எழுத்தில் படித்தபோதுதான் எங்கோ இடித்தது. உன் பரீட்சை பத்து மணிக்கு ஆரம்பித்துப் பன்னிரண்டரைக்கு முடியும். நான் மயங்கியது சத்துணவு மணி அடித்த பிறகு. பிள்ளைகள் குழாயடியில் தட்டு கழுவிக்கொண்டிருந்தார்கள். அன்று முட்டை. அந்த முட்டையை நான் பக்கத்தில் இருந்தவளுக்குக் கொடுத்துவிட்டு, சோற்றையும் தொடாமல், பாண்டி ஆட ஓடினேன். காலையில் போட்ட ஊசி மத்தியானம் வேலை செய்யும் என்று நீ சொல்லித்தான் இருந்தாய். திட்டுவாய் என்று இந்த நாள் வரை யாரிடமும் சொல்லவில்லை.

அப்படியானால் மணி ஒன்றாவது இருக்கும். உன் பரீட்சை அதற்குள் முடிந்திருக்குமே?

எனக்குச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டிய கை எனக்கு நினைவிருக்கிறது. ஷூ ஒட்டுகிற சொல்யூஷன் வாசனை அடித்தது. நீ அப்போது கம்பெனிக்குப் போகவே இல்லை. அது யார் கை, அக்கா?

ஹேமா


ஆம்பூர்
2 செப்டம்பர் 2025

ஹேமா,

58 என்று படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் இருந்ததும் ஒரு தண்டனைதான், சரி, அது எனக்குத் தேவைதான்.

மற்றதை ஏன் கிளறுகிறாய்? பதினெட்டு வருடம் ஆகிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கு, அதுவும் மயக்கத்தில், மணி என்ன தெரியும், வாசனை என்ன தெரியும்? அம்மாவைக் கேட்டேன். "இன்னாமோ ஆச்சு, யாரோ குடுத்தாங்க, புள்ள பொழைச்சுது. இப்ப எதுக்கு அது?" என்கிறாள். நானும் அதையேதான் கேட்கிறேன்.

பேச்சைத் தாய்மாமனே பேசட்டும். எனக்கு ஷூ கம்பெனி லைனில் வேலை ஜாஸ்தி. ஏற்றுமதி ஆர்டர் ஒன்று தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது.

அக்கா


ஓசூர்
7 செப்டம்பர் 2025

அக்கா,

தாய்மாமன் பேச மாட்டார். நீதான்.

உன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக நான் கேட்கவில்லை. நீ நம்ப வேண்டும். எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். லேபில் இரண்டு ரிப்போர்ட் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை என்றால் நாங்கள் யாரையும் திட்ட மாட்டோம், இன்னொரு தடவை சோதிப்போம்.

நான் ஏன் இத்தனை வருடம் உன்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் இருந்தேன் தெரியுமா? நீ என்ன சாப்பிடச் சொன்னாயோ அதைச் சாப்பிட்டேன். சென்னையில் வேலை கிடைத்தபோது தூரம் என்றாய், விட்டுவிட்டேன். ஒரு நாளைக்கு நாலு தடவை எண் கேட்டாய், சொன்னேன். என்னால் படிப்பு போனவள் நீ என்று சின்ன வயதிலிருந்து என் காதில் ஓதியிருந்தார்கள். நான் மூச்சு விடுவதே உனக்குப் பாக்கி வைத்துத்தான் என்று நினைத்தேன்.

அதனால்தான் கேட்கிறேன். அது யார் கை?

ஹேமா


ஆம்பூர்
22 செப்டம்பர் 2025

ஹேமாவுக்கு,

இந்தக் கடிதத்தை எழுத இரண்டு வாரம் ஆகிவிட்டது. நீ கடைசியில் எழுதிய அந்தப் பத்தியை நான் எதிர்பார்க்கவில்லை. என்னைத் தியாகி என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய் என்பது தெரியும். அதில் எனக்கு ஒரு சுகமும் இருந்தது. அது உன் கழுத்தில் கயிறாகக் கிடந்தது என்று தெரியாது.

நான் சொல்லிவிடுகிறேன். நீ படித்து முடிக்கும்வரை எனக்குப் போன் பண்ணாதே.

அன்று கேள்வித்தாளைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. உனக்கு ஊசி போட்டதால் படிக்க நேரமில்லை என்றுகூடச் சொல்ல முடியாது. நேரம் இருந்தது. கணக்கு எனக்கு வரவில்லை, அவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே வரவில்லை, மனப்பாடம் பண்ணி ஒப்பேற்றினேன். பதினொன்றரை மணிக்கு எழுந்து வெளியே வந்தேன். யாரும் வந்து எந்தச் செய்தியும் சொல்லவில்லை. ரயில்வே ஸ்டேஷனில் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். இரண்டு வண்டி போனது. வீட்டுக்குப் போய் அப்பாவிடம் என்ன சொல்வது என்று மட்டும்தான் யோசித்தேன்.

இரண்டு மணிக்குத் தெருமுனை வந்ததும் ஆட்கள் நின்றார்கள். நீ பள்ளியில் விழுந்துவிட்டாய், இப்போது வீட்டில் படுத்திருக்கிறாய் என்றார்கள். உள்ளே ஓடினேன். ஷாப்பிலிருந்து அப்பாவும் வந்திருந்தார், காலில் சுண்ணாம்புத் தண்ணீர் காயவில்லை. "பரீட்சை எப்டிமா?" என்றார். "பாப்பா விழுந்துட்டான்னாங்க, பாதியிலேயே ஓடியாந்துட்டேன்பா" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. அப்பா என் தலையில் கையை வைத்து, "நீ எனக்குப் பையன் மாதிரி" என்றார். அப்புறம் அதை எப்படித் திரும்ப எடுப்பது? ஒரு வாரத்தில் கோயிலில் எல்லோரும் சொன்னார்கள். ஒரு வருடத்தில் நானே ஓடிவந்த மாதிரி எனக்கு ஞாபகம் வர ஆரம்பித்தது. சர்க்கரைத் தண்ணீரை நான் கலக்கியதுகூடத் தெரிந்தது. உனக்கு அனுப்பிய பேச்சில் பொய் எழுதுகிறோம் என்று தோன்றவே இல்லை. நீ முட்டையையும் தட்டையும் எழுதிய பிறகுதான் அந்த ஸ்டேஷன் பெஞ்ச் திரும்பி வந்தது.

அந்தப் பரீட்சையை மறுபடி எழுதியிருக்கலாம். உனக்காக நின்றுவிட்டேன் என்றால் எழுத வேண்டியதில்லை. எழுதினால் திரும்பவும் தோற்பேன்.

இனி உன் கேள்வி. அம்மாவை மறுபடி உட்கார வைத்துக் கேட்டேன். சொல்யூஷன் வாசனை என்றதும், "அப்ப பேஸ்டிங் டேபிள்காரி எவளாவதுதான்" என்றாள். அம்மாவோடு அந்தக் காலத்தில் வேலை செய்தவர்களில் ஒருத்தி முத்துமாரி. இப்போது நம் கம்பெனி கேட்டுக்கு எதிரில் இட்லிக் கடை போட்டிருக்கிறாள். தினம் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் உள்ளே போகிறேன். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன்.

"ஆமா, நான்தான் குடுத்தேன்" என்றாள், ஏதோ பஸ்ஸில் இடம் கொடுத்த மாதிரி. "என் பொண்ணும் அங்கதான் படிச்சுது. காச்சல்னு கூட்டினு போவ வந்தேன். பாத்தா உன் தங்கச்சி சொவத்துல சாஞ்சினு கீது. சட்டையெல்லாம் வேர்வ, கண்ணு சொருவுது. டீச்சருங்கோ தண்ணி தெளிக்கிறாங்கோ. நான் சத்துணவுக்காரம்மா கிட்ட சக்கரய வாங்கி மூணு ஸ்பூன் கலக்கினேன். முழுங்குதான்னு மொதல்ல பாத்தேன். முழுங்குச்சு. குடுத்தேன். ஒரு டீச்சர் சொல்றாங்கோ, ஐயோ சக்கர நோவுக்காரப் புள்ளைக்குச் சக்கரயான்னு. நீ சும்மா இரும்மான்னேன்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"உங்கம்மா சொல்லிச்சு. எனக்கு மட்டுமா? லைன் பூரா சொல்லிச்சு. உன் தங்கச்சி ஆஸ்பத்திரில இருந்து வந்ததும், தினம் சாப்பாட்டு டைம்ல ஒவ்வொருத்தரா புடிச்சினு உக்காரும். வேர்த்தா, கை நடுங்குனா, பேச்சு கொழறுனா சக்கர. மூணு ஸ்பூன். கால் மணி நேரம் பாரு. தேறலன்னா இன்னொரு தபா. முழுங்க முடியலன்னா வாயில ஒண்ணும் ஊத்தாத, ஒருக்களிச்சுப் படுக்க வச்சு ஆஸ்பத்திரி. ஒப்பிக்கச் சொல்லும். தப்பா சொன்னா மறுபடியும் கேக்கும். பேஜாராப் பூடும். கேட்டாண்ட டீ விக்கற சமீருல்லா பாய்க்குக்கூடத் தெரியும்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா பருப்பு அரித்துக்கொண்டே, "நானும் வேலையில, அப்பாவும் வேலையில. நீ ஒருத்தி எத்தனை எடத்துல நிப்ப? அதான் எல்லார் கிட்டயும் சொல்லி வச்சேன்" என்றாள். அது ஒரு பெரிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

நான் மட்டும்தான் உன்னைப் பார்த்துக்கொண்டேன் என்று இத்தனை வருடம் நினைத்தேன், ஹேமா. ஊர்ப்பட்ட பேர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் படித்த பிறகும் நான் பேச வேண்டுமா என்று நீயே முடிவு பண்ணு.

சோபனா


ஓசூர்
1 அக்டோபர் 2025

அக்கா,

உன் கடிதத்தைப் படித்த அன்று லேபில் இரண்டு சாம்பிளை மாற்றி வைத்துவிட்டேன். நல்ல வேளை, உடனே கண்டுபிடித்தேன்.

கோபம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன். என் சின்ன வயதெல்லாம் எனக்குச் சொந்தமில்லாத ஒரு கடனைச் சுமந்தேனே என்று. அப்புறம் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை நினைத்தேன். எங்கள் லேபுக்கு அந்த வயதில் பயிற்சிக்கு வருகிறார்கள். ஒரு டியூப் உடைந்தால் முகம் எப்படி வெளுத்துப்போகிறது. அவர்களை நான் திட்டியதில்லை.

கௌதமிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உன் பரீட்சையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "உங்க அம்மா லைனுக்கே டிரெயினிங் குடுத்தாங்களா?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் ஃபேக்டரியில் பாதுகாப்புப் பயிற்சி நடக்குமாம், ஒருத்தருக்கும் அடுத்த நாள் ஞாபகம் இருக்காதாம். பிறகு ஒன்று சொன்னார். "உனக்கு சுகர் குறைஞ்சா என்ன செய்யணும்னு எங்கிட்ட நீ சொல்லிட்ட. எங்க அம்மாவுக்குத் தெரியாதே. நான் ஷிஃப்ட்ல இருந்தா?"

அதை நான் யோசித்ததே இல்லை. அவர்களுக்குத் தெரியாமல் இருந்தால்தான் எனக்கு மரியாதை என்று நினைத்தேன்.

அதனால் நிபந்தனையை மாற்றுகிறேன். சர்க்கரையைப் பற்றிப் பேசு. ஆனால் பாவம் என்கிற குரலில் வேண்டாம். அம்மா லைனில் சொன்ன மாதிரி சொல்லு. என்னை ஒப்படைக்காதே. கௌதமோடு அவர் அம்மாவையும் பெயர் சொல்லிக் கூப்பிடு. எட்டு வயதுக்கு முந்தின என்னையும் கொஞ்சம் கொண்டு வா. பேசுகிற மாதிரியே எழுது, "உற்றார் உறவினர்களே" வேண்டாம். சத்தமாகப் படித்து, போனில் நேரம் வைத்துப் பார். ஐந்து நிமிடம் தாண்டினால் பந்தியில் இலை போட்டுவிடுவார்கள். தாளில் எழுதினால் கை நடுங்கும்போது சத்தம் போடும், அட்டையில் எழுது.

பரீட்சை விஷயம் உன் இஷ்டம். சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி. எனக்குத் தெரிந்தது போதும்.

கோயிலில் இந்த ஞாயிறு எங்கள் கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை, வாசிக்கிறார்கள். போய்க் கேட்டுவிட்டு எழுது.

ஹேமா


ஆம்பூர்
13 அக்டோபர் 2025

ஹேமா,

இரண்டு ஓலையும் கேட்டேன். உன் பெயரை ஃபாதர் சரியாகத்தான் படித்தார். கௌதம் ஊரைத்தான் திருப்பத்தூருக்குப் பதில் திருத்தணி என்று படித்துவிட்டு, பிறகு திருத்திக்கொண்டார்.

பேச்சை முடித்துவிட்டேன். லைன் ஓடாத நேரத்தில் மெஷின்களுக்கு முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். முதலில் ஒன்பது நிமிடம் வந்தது. வெட்டி வெட்டி நாலு நிமிடம் ஐம்பது. ஆறு அட்டை, எண் போட்டிருக்கிறேன். இதுதான்:

"எல்லாருக்கும் வணக்கம். நான் சோபனா, பொண்ணோட அக்கா. ஷூ கம்பெனில சூப்பர்வைசரா இருக்கேன். மெஷின் சத்தத்துக்கு மேல கத்திதான் எனக்குப் பழக்கம். காது வலிச்சா சொல்லுங்க.

ஹேமாவுக்கு ஆறு வயசு இருக்கும்போது, தோல்லதான் செருப்பு செய்றாங்கன்னு எங்க அப்பா சொல்லிட்டாரு. அன்னிக்கே செருப்பக் கழட்டி வச்சுட்டா. ஒரு வாரம் வெறுங்கால்ல நடந்தா. அப்புறம் அப்பா வேலை செய்ற ஷாப் கேட்டுல போய் நின்னு, 'இது எந்த மாடுன்னு சொல்லுங்க, அப்பதான் போடுவேன்'னா. அப்பா யோசிச்சுட்டு, 'வயசான மாடும்மா, பேரு லட்சுமி'ன்னாரு. 'சரி'ன்னு போட்டுக்கினா. அப்புறம் செருப்பக் கழட்டும்போதெல்லாம் ஓரமா, ஜோடியா, ஜாக்கிரதையா வைப்பா. இன்னிக்கும் அப்டித்தான். கௌதம், நீங்க ஷூவ உதறிட்டுப் போனா ஏதாவது சொல்லுவா. தயாரா இருங்க.

எட்டு வயசுல அவளுக்கு டைப் ஒன் சர்க்கரை வந்துச்சு. இனிப்பு சாப்ட்டு வந்தது இல்ல. யாரும் பண்ண தப்பும் இல்ல. உடம்பு இன்சுலின் செய்றத நிறுத்திடுச்சு, அதனால வெளிய இருந்து போட்டுக்கறா. நான்தான் அவளுக்கு மொத ஊசி போட்டேன். அஞ்சாறு வருஷத்துல அவளே போட்டுக்கிட்டா. இப்ப என்ன சாப்ட்டா எவ்ளோ போடணும்ங்கற கணக்கு அவ மனசுக்குள்ள ஓடும். எனக்குக் கணக்கு வராது.

அதையும் சொல்லிடறேன். தங்கச்சிக்காக நான் படிப்ப விட்டேன்னு இங்க நெறைய பேரு நினைச்சினு இருக்கீங்க. அது உண்மை இல்ல. பத்தாவதுல கணக்கு வரல, பயந்துட்டேன். அவ மேல பழி போட்டேன். அன்னிக்கு அவளக் காப்பாத்துனது நான் இல்ல. முத்துமாரிக்கா, எழுந்து நில்லுங்க. இவங்கதான். இவங்களுக்குச் சொல்லிக் குடுத்தது எங்க அம்மா சவுரியம்மாள். ஒரு லைன் பூரா இருக்கறவங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க. அந்த மாதிரி நானும் இன்னிக்கு உங்க எல்லாருக்கும் சொல்றேன்.

ஹேமாவுக்கு வேர்த்தா, கை நடுங்குனா, பேச்சு குழறுனா, காரணம் இல்லாம கோவம் வந்தா, சர்க்கரை குறையுதுன்னு அர்த்தம். மூணு டீஸ்பூன் சர்க்கரை, தண்ணில கலந்து. சுகர்காரிக்குச் சர்க்கரையான்னு யோசிக்காதீங்க. பதினஞ்சு நிமிஷம் பாருங்க. ஏறலன்னா இன்னொரு தடவ. ஏறினதும் ஒரு இட்லியோ பிஸ்கட்டோ. முழுங்க முடியாம மயங்கிட்டா வாயில எதுவும் ஊத்தாதீங்க, ஒருக்களிச்சுப் படுக்க வச்சு ஆஸ்பத்திரி. காய்ச்சல் வந்தாலும் இன்சுலின நிறுத்தச் சொல்லாதீங்க. அவ இனிப்பு எடுத்தா கையப் புடிக்காதீங்க. நான் புடிச்சேன். தப்பு.

கௌதம், இவள உங்க கையில ஒப்படைக்கப் போறதில்ல. அவளப் பாத்துக்க அவளுக்குத் தெரியும். ஆனா தனியாவே பாத்துக்கணும்னு ஒண்ணும் இல்ல. நீங்க பக்கத்துல இருங்க. சுந்தரியம்மா, அவர் ஷிஃப்ட்ல இருக்கும்போது நீங்க இருங்க. அவ கேட்டா செய்ங்க. கேக்க முடியலன்னா, கேக்காமலே செய்ங்க. எனக்கு இனிமே நாலு தடவ நம்பர் கேக்கற வேலை இல்ல. ரெண்டு பேரும் நல்லா இருங்க. கடவுள் உங்க கூட இருக்கட்டும்."

அவ்வளவுதான். வேண்டாத வரி இருந்தால் கோடு போட்டு அனுப்பு.

அம்மாவிடம் பரீட்சை விஷயத்தைச் சொல்லிவிட்டேன். மைக்கில் கேட்டு அவள் தெரிந்துகொள்ளக் கூடாது என்று. "அப்பாவுக்குத் தெரியும்டி" என்றாள். அவர் மார்க் ஷீட் வாங்கப் போனபோது, நான் பதினொன்றரைக்கே எழுந்து போனதை ஹால் டீச்சர் சொல்லிவிட்டாராம். என்னிடம் கேட்க வேண்டாம் என்று அப்பா சொன்னாராம்.

அக்கா


திருப்பத்தூர்
16 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கல்யாணத்தில் உன்னோடு நின்று பேச முடியவில்லை. மேடையில் இருந்து நான் பார்த்ததை உனக்கு எழுத வேண்டும் என்று அன்றே நினைத்தேன்.

நீ மூன்றாவது அட்டைக்குப் பதில் நாலாவதை எடுத்தாய். பிறகு திரும்பி வந்தாய். எனக்கு மட்டும்தான் தெரிந்தது. "அது உண்மை இல்ல" என்று சொன்னபோது தாய்மாமன் தலையைக் குனிந்துகொண்டார். முத்துமாரியக்கா எழுந்து நிற்கவே மாட்டேன் என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் உங்கள் லைன் பெண்கள்தான் அவளைத் தூக்கி நிறுத்தினார்கள். அம்மா அழவில்லை. நீ மூன்று ஸ்பூன் என்றபோது அவள் உதடும் கூடவே அசைந்தது. கௌதம் என் காதில், "லட்சுமியா?" என்று கேட்டார். அந்த மாட்டின் பெயரை நானே மறந்திருந்தேன்.

நீ முடித்ததும் கைதட்டல் உடனே வரவில்லை, பார்த்தாயா? நீ பயந்துவிட்டாய் என்று எனக்குத் தெரிந்தது. மக்கள் உள்ளே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன். பந்தியில் கௌதமின் சித்தப்பா பக்கத்தில் இருந்தவரிடம், "மயங்கிட்டா வாயில ஊத்தலாமா கூடாதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஃபாதர்தான் "கூடாது" என்றார்.

இப்போது முக்கியமான விஷயம். போன செவ்வாய்க்கிழமை கௌதம் ஓசூருக்கு வேலைக்குப் போயிருந்தார். நான் இன்னும் லீவில்தான். காலையில் ஊசி போட்டுக்கொண்டு, விருந்தாளிகள் வந்ததால் டிபனைத் தள்ளிப்போட்டுவிட்டேன். சென்சார் கத்தியது, போன் உள்ளறையில் இருந்தது, கேட்கவில்லை. அத்தையிடம் தேவையில்லாமல் எரிந்து விழுந்தேன். டம்ளர் சரியாகக் கழுவவில்லை என்று. வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. விருந்தாளிகள் எதிரில்.

அத்தை என் முகத்தைப் பார்த்தார்கள். சமையலறைக்குப் போய்ச் சர்க்கரை கலக்கிக்கொண்டு வந்தார்கள். "முழுங்க முடியுதாம்மா?" என்றார்கள். குடித்தேன். எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினைந்து நிமிடம் ஆனதும், "இப்ப நம்பர் பாரு" என்றார்கள். 61 வரை இறங்கியிருந்தது 88 ஆகியிருந்தது. இரண்டு இட்லி வைத்தார்கள்.

"பயந்துட்டீங்களா அத்தை?" என்று கேட்டேன்.

"பயந்தேன். உங்க அக்கா கத்தி சொன்னது காதுலயே இருந்துச்சு" என்றார்கள். பிறகு, "டம்ளர் நெஜமாவே சரியா கழுவலதான்" என்றார்கள். இருவரும் சிரித்தோம்.

நீ எப்படி இருக்கிறாய்? நாலு வேளை எண் கேட்காமல் பொழுது எப்படிப் போகிறது?

ஹேமா


ஆம்பூர்
23 நவம்பர் 2025

ஹேமாவுக்கு,

உன் கடிதத்தை லைனில் முத்துமாரியக்காவுக்குப் படித்துக் காட்டினேன். டிபன் கொடுக்க உள்ளே வந்திருந்தாள். "கடியாரம் பாத்துச்சா அந்தம்மா? அப்ப சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் என்னிடம் வந்து, தன் தம்பிக்கும் இதே வியாதி என்றாள். சாப்பாட்டு நேரத்தில் லைன் பெண்களை ஐந்து ஐந்து பேராக உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒப்பிக்கவும் சொல்கிறேன். பேஜார் என்று முணுமுணுக்கிறார்கள்.

பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டாய். முதல் வாரம் கை தானாகப் போனுக்குப் போனது. எடுத்து என்ன கேட்பது என்று தெரியாமல் வைத்துவிடுவேன். எண்ணைத் தவிர உன்னிடம் நான் வேறு எதையும் கேட்டதே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

கிறிஸ்துமஸுக்கு நீயும் கௌதமும் வருகிறீர்கள் என்று அம்மா சொன்னாள். என்ன சமைப்பது என்று உட்கார்ந்து யோசித்தேன். ஒரு தோசையில் எவ்வளவு மாவுச்சத்து, ஒரு கப் சோற்றுக்கு எத்தனை யூனிட், எந்தப் பழம் எவ்வளவு நேரத்தில் ஏற்றும், எல்லாம் எனக்குத் தெரியும். உனக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்தேன். தெரியவில்லை. அம்மாவைக் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை.

உனக்கு என்ன பிடிக்கும், ஹேமா? எழுது.

அக்கா